மூன்று சதவீதம் சும்மா வருமா?

மும்பைக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. மாதுங்கா கோயில் வாசலிலோ, டோம்பிவிலி ஃபாஸ்ட் லோக்கலிலோ, நான் பேங்கில் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்த தமிழர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். "ஸார், ஊர்ல அப்பா ரிடையர் ஆயிட்டார். பி.எஃப், கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து கொஞ்சம் பணம் வந்திருக்கு. எஃப்.டி.யில என்ன ஸார் கிடைக்குது? ஒரு கம்பெனி பாண்டு பத்து பர்சென்ட் தர்றானாம். ரேட்டிங்கும் நல்லா இருக்காம். போட்டுடலாமா?"

போடலாமா வேண்டாமா என்று நான் சொல்வதில்லை. பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன். "அந்தக் கூடுதல் வட்டியை எதுக்கு ஸார் தர்றான்?" பெரும்பாலும் பதில் வராது. விண்ணப்பப் படிவத்தின் எந்தப் பக்கத்திலும் அதற்குப் பதில் நேராக எழுதியிருக்காது. ஆனால் அந்த வட்டிக்குள்ளேயே பதில் ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுக்க ஒரு கூட்டல், ஒரு வகுத்தல் தெரிந்தால் போதும். பி.காம் படித்த எனக்கே புரிகிறது என்றால் எல்லோருக்கும் புரியும். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில் அந்தக் "கூடுதல்" என்பது எதைவிடக் கூடுதல் என்று பார்த்துவிடுவோம். நம் ஆட்கள் பேங்க் எஃப்.டி.யோடு ஒப்பிடுவார்கள். அது சரியான அளவுகோல் இல்லை. எஃப்.டி. வட்டியை ஒவ்வொரு பேங்கும் தன் தேவைக்கு ஏற்ப வைக்கிறது. ரூபாயில் கடன் வாங்குகிறவர்களில் பணம் திரும்பி வராது என்ற பயமே இல்லாத ஆள் மத்திய அரசுதான். ஆகவே அதே கால அளவுள்ள அரசுப் பத்திரம் என்ன தருகிறதோ, அதுதான் அடிக்கோடு. கம்பெனி பாண்டு மூன்று வருஷம் என்றால் மூன்று வருஷ அரசுப் பத்திரத்தோடுதான் ஒப்பிட வேண்டும், பத்து வருஷப் பத்திரத்தோடு அல்ல. அந்த அடிக்கோட்டுக்கு மேல் கம்பெனி தரும் மிச்சத்துக்குப் பெயர்தான் கிரெடிட் ஸ்ப்ரெட்.

கணக்குக்காக ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். அரசுப் பத்திரம் 7 சதவீதம், ஏதோ ஒரு கம்பெனி பாண்டு 10 சதவீதம். ஸ்ப்ரெட் 3 சதவீதம். அப்பாவின் பணம் 10 லட்சம். கம்பெனிக்குக் கொடுப்பதால் வருஷத்துக்கு 30,000 ரூபாய் அதிகம் வருகிறது.

இப்போது கெட்டதையும் யோசிப்போம். கம்பெனி படுத்துவிட்டால் (ஆங்கிலப் பேப்பர்களின் பாஷையில் டீஃபால்ட் ஆனால்) பத்து லட்சமும் போய்விடாது. சொத்தை விற்று, கேஸ் நடத்தி, ஏதோ கொஞ்சம் திரும்பி வரும். அப்படித் திரும்பி வரும் பங்குக்கு ரெக்கவரி ரேட் என்று பெயர். உலகம் முழுக்க இந்தக் கணக்குப் போடுகிறவர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் எண் 40 சதவீதம். அதன்படி 4 லட்சம் வரும், 6 லட்சம் போகும்.

வருஷம் 30,000 கூடுதலாக வந்தால் 6 லட்சம் சேர எத்தனை வருஷம் ஆகும்? இருபது. அதாவது இந்த மாதிரிக் கம்பெனிகள் இருபது வருஷத்தில் ஒரு தடவைக்கு மேல் படுத்தால் உங்களுக்கு நஷ்டம். அதற்குக் குறைவாகப் படுத்தால் லாபம். சரியாக இருபதுக்கு ஒன்று என்றால் அரசுப் பத்திரத்தில் போட்டதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. இருபதில் ஒன்று என்றால் 5 சதவீதம். ஆகவே 3 சதவீத ஸ்ப்ரெட் என்பதன் அர்த்தம், "இந்தக் கம்பெனி ஒரு வருஷத்தில் படுக்கும் வாய்ப்பு சுமார் நூற்றுக்கு ஐந்து என்ற விலையில் உங்களிடம் கடன் வாங்குகிறது" என்பதுதான். சூத்திரமாக எழுதினால் ஒரே வரி:

ஒரு வருஷ டீஃபால்ட் வாய்ப்பு ≈ ஸ்ப்ரெட் ÷ (1 − ரெக்கவரி ரேட்)

0.03 ÷ 0.60 = 0.05. அவ்வளவுதான்.

இது தோராயம்தான். இன்னும் நுணுக்கமாகப் போட வேண்டுமென்றால், ஒரு வருஷ பாண்டில் படுத்தால் போவது அசல் மட்டுமல்ல, அந்த வருஷ வட்டியும்தான். 110 வர வேண்டிய இடத்தில் 40 வருகிறது, ஆக இழப்பு 70. அரசுப் பத்திரத்தைவிட அதிகம் கிடைப்பது 3. மூன்றை எழுபதால் வகுத்தால் 4.3 சதவீதம். சூத்திரம் கொஞ்சம் தூக்கிக் காட்டுகிறது, ஆனாலும் பக்கத்தில்தான் இருக்கிறது. ஸ்ப்ரெட் சின்னதாக இருக்கும்வரை இந்த வித்தியாசத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஒரு வருஷத்துக்கு ஐந்து என்றால் மூன்று வருஷத்துக்குப் பதினைந்தா? கிட்டத்தட்ட. ஒவ்வொரு வருஷமும் தப்பிக்கும் வாய்ப்பு 95 சதவீதம். மூன்று வருஷமும் தொடர்ந்து தப்ப வேண்டுமென்றால் 0.95-ஐ மூன்று தடவை பெருக்க வேண்டும். 0.857 வரும். ஆக, முதிர்வுக்குள் எப்போதாவது படுக்கும் வாய்ப்பு 14 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். "மூணு பர்சென்ட் அதிகமா தர்றான் ஸார்" என்பதையும், "ஏழு பேரில் ஒருவருக்குப் பணம் மாட்டிக்கொள்ளும் விலைக்குத் தர்றான் ஸார்" என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே விஷயம்தான். முதலாவதை மட்டும்தான் ஏஜெண்ட் சொல்வார்.

இனி நிஜமாக நடந்த ஒன்றை இதே கணக்கில் போட்டுப் பார்ப்போம். திவான் ஹவுசிங் ஃபைனான்ஸ், டி.ஹெச்.எஃப்.எல்.

2018 மே மாதம் இந்தக் கம்பெனி பொதுமக்களிடம் என்.சி.டி. வெளியிட்டது. ரேட்டிங் டிரிபிள் ஏ. அதற்கு மேல் ரேட்டிங்கே கிடையாது. வட்டி சுமார் 9 சதவீதம். அப்போது அரசுப் பத்திரம் 7.8 சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஸ்ப்ரெட் 1.2. அதை 0.6-ஆல் வகுத்தால் 2 சதவீதம். வருஷத்துக்கு ஐம்பதில் ஒன்று.

2018 செப்டம்பர் 21. அதற்குச் சில நாள் முன்னால்தான் ஐ.எல்.&எஃப்.எஸ். கவிழ்ந்திருந்தது. ஆகஸ்ட் வரை டிரிபிள் ஏ-வாக இருந்த நிறுவனம் அது. அன்றைக்கு ஒரு மியூச்சுவல் ஃபண்டு தன் கையிலிருந்த டி.ஹெச்.எஃப்.எல். கமர்ஷியல் பேப்பரை 11 சதவீத யீல்டு வரும்படியான விலைக்கு விற்றது என்ற செய்தி வந்தது. பங்கு விலை ஒரே நாளில் 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. கமர்ஷியல் பேப்பர் ஒரு வருஷத்துக்கு உட்பட்டது. அந்த அளவு காலத்துக்கான அரசின் டிரெஷரி பில் 7 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. ஸ்ப்ரெட்டை 3.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.6-ஆல் வகுத்தால் 6 சதவீதம். நான்கு மாதத்தில் ஐம்பதில் ஒன்று, பதினேழில் ஒன்று ஆகிவிட்டது. ரேட்டிங்? அன்றைக்கும் டிரிபிள் ஏதான். முதல் குறைப்பு வந்தது 2019 பிப்ரவரியில்.

2019 ஜூன் 4 அன்று கம்பெனி பாண்டு வட்டியை உரிய நாளில் கட்டவில்லை. மறுநாள் ரேட்டிங் நேராக 'டி'க்கு இறங்கியது. நவம்பரில் ரிசர்வ் வங்கி அதன் இயக்குநர் குழுவைக் கலைத்தது. பிறகு திவால் சட்டத்தின் கீழ் போய், 2021 செப்டம்பரில் பிரமல் குழுமம் வாங்கியது.

"பார்த்தீங்களா, ஸ்ப்ரெட் முன்னாடியே சொல்லிடுச்சு!" என்று குதிக்க வேண்டாம். அது என்ன சொன்னது என்று நிதானமாகப் பாருங்கள். ஊரே பதறிய அந்த நாளில்கூட அது சொன்னது, வருஷத்துக்கு நூறில் ஆறு என்றுதான். 94 தடவை ஒன்றும் ஆகாது என்றும் அதே எண் சொல்கிறது. அதே வாரங்களில் வேறு பல வீட்டுக்கடன் நிறுவனங்களின் ஸ்ப்ரெட்டும் ஏறத்தான் செய்தது. பெரும்பாலானவை பணத்தை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தன. ஆக, இது ஜோசியம் இல்லை. ஒரு கம்பெனியை வைத்து இந்த எண் சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லவும் முடியாது. ஆனால் ரேட்டிங் எழுத்து அசையாமல் நின்ற நான்கு மாதத்தில் இந்த எண் மூன்று மடங்கு ஆனதே, அது செய்தி. எண்ணின் அளவைவிட அது நகர்ந்த வேகம்தான் கவனிக்க வேண்டியது.

அந்த 3.6 முழுவதும் படுக்கும் பயத்துக்கான கூலியும் இல்லை. பேப்பரை விற்ற ஃபண்டு, கம்பெனியின் மேல் சந்தேகப்பட்டு விற்கவில்லை என்றுதான் விளக்கம் சொன்னது. அவசரமாக விற்கிறவனுக்கு வாங்க ஆள் இல்லாவிட்டால் விலை இறங்கும், விலை இறங்கினால் யீல்டு ஏறும். அந்த ஏற்றத்தையும் சேர்த்து நம் சூத்திரம் "டீஃபால்ட் வாய்ப்பு" என்று படித்துவிடுகிறது. நல்ல காலத்திலும் இப்படித்தான். நல்ல ரேட்டிங் உள்ள பாண்டுகளில் ஸ்ப்ரெட்டிலிருந்து வரும் வாய்ப்பு, சரித்திரத்தில் அந்த ரேட்டிங்கில் நிஜமாகப் படுத்த கம்பெனிகளின் விகிதத்தைப்போல் பல மடங்கு இருக்கும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சுலபமாக விற்க முடியாத சிரமத்துக்கு ஒரு கூலி, எல்லாக் கம்பெனியும் ஒரே நேரத்தில் ஆட்டம் காணும் கெட்ட காலத்தைத் தாங்குவதற்கு ஒரு கூலி, இரண்டும் அதற்குள் கலந்திருக்கின்றன. ஆகவே சூத்திரம் தரும் எண்ணை "இவ்வளவு தடவை படுக்கும்" என்று படிக்காமல், "இவ்வளவு தடவை படுத்தாலும் கையைக் கடிக்காது" என்று படியுங்கள். அது ஒரு எல்லைக்கோடு.

ரெக்கவரி விஷயத்துக்கு வருகிறேன். நம்மவர்கள் ஏமாறும் இடம் இதுதான் என்பது என் கருத்து.

"செக்யூர்டு பாண்டு ஸார், சொத்து அடமானம் இருக்கு, எழுபது பர்சென்டாவது திரும்பி வந்துடும்" என்பார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். பத்து லட்சத்தில் போவது 3 லட்சம்தான். ஆனால் கம்பெனி வருஷத்துக்கு 30,000 கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. 3 லட்சத்தை 30,000-ஆல் வகுத்தால் பத்து. பத்து வருஷத்தில் ஒரு தடவை, அதாவது 10 சதவீதம்! ரெக்கவரி நன்றாக இருக்கும் என்று நம்பினால், படுக்கும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. ஏனென்றால் ஸ்ப்ரெட் என்பது படுக்கும் வாய்ப்பையும், படுத்தால் போகும் பங்கையும் பெருக்கி வந்த தொகை. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும், ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். "அடமானமும் கெட்டி, கம்பெனியும் கெட்டி, ஆனாலும் மூன்று சதவீதம் அதிகம்" என்று ஒருவர் சொன்னால், அந்த மூன்றில் ஏதாவது ஒன்று சரியில்லை. சும்மா மூன்று சதவீதம் கொடுக்கக் கம்பெனிக்குப் பைத்தியமா?

மறுபக்கமும் பாருங்கள். ரெக்கவரி பூஜ்யம் என்றால் போவது பத்து லட்சமும். முப்பத்து மூன்று வருஷத்தில் ஒன்று, அதாவது 3 சதவீதம். கேட்பதற்கு இதமான எண். ஆனால் அந்த ஒன்று வந்தால் கையில் ஒன்றும் இருக்காது. 2020 மார்ச்சில் யெஸ் பேங்கின் ஏ.டி.1 பாண்டுகள் சுமார் 8,400 கோடி ரூபாய்க்கு ஒரே நாளில் பூஜ்யமாக எழுதப்பட்டதே, அந்த ஜாதி. எஃப்.டி. மாதிரித்தான் என்று நினைத்து அதில் போட்ட பெரியவர்கள் உண்டு. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. ஆக, வெறும் வாய்ப்பை மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது. படுத்தால் எவ்வளவு வரும், எப்போது வரும் என்றும் கேட்க வேண்டும்.

"எப்போது" என்பதை டி.ஹெச்.எஃப்.எல். கணக்கிலேயே பாருங்கள். கடன் கொடுத்தவர்களுக்குச் சராசரியாக 46 சதவீதம் கிடைத்தது என்று வாங்கியவர்கள் சொன்னார்கள். நம் 40-ஐவிடத் தேவலை என்று தோன்றும். ஆனால் வட்டி நின்றது 2019 ஜூன், பணம் வந்தது 2021 செப்டம்பர். இரண்டேகால் வருஷம். அந்த 46-ஐ ஏழு சதவீத வட்டியில் பின்னோக்கி இழுத்தால் 39.5 வருகிறது. பாடப்புத்தகத்து 40-க்கே வந்துவிட்டோம். அதோடு வந்ததெல்லாம் ரொக்கமும் அல்ல. பிரமல் கொடுத்த 34,250 கோடியில் ரொக்கம் 14,700 கோடி. மீதி 19,550 கோடி, 6.75 சதவீத வட்டியில் பத்து வருஷப் பத்திரம். சராசரி என்பதும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. அந்தக் கம்பெனியில் எஃப்.டி. போட்டிருந்தவர்களில் கொஞ்சம் பெரிய தொகை வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சராசரியில் பாதி வந்தாலே பெரிது என்ற நிலைமை. ரெக்கவரி என்பது கம்பெனிக்கு ஒன்று அல்ல, வரிசையில் நீங்கள் நிற்கும் இடத்துக்கு ஒன்று.

இன்னொரு சங்கடம் நம் நாட்டுக்கே உரியது. இங்கே நிறைய பாண்டுகள் மாதக்கணக்கில் கை மாறுவதே இல்லை. அப்படிப்பட்டவற்றுக்கு விலை போடும்போது, ரேட்டிங்கையும் கால அளவையும் வைத்து ஒரு கட்டம் போட்டு, இந்த ரேட்டிங்குக்கு இவ்வளவு ஸ்ப்ரெட் என்று எடுத்து எழுதுவார்கள். அந்த ஸ்ப்ரெட்டிலிருந்து நீங்கள் வாய்ப்பைக் கணக்கிட்டால், ரேட்டிங்கைத்தான் சுற்றிவளைத்துத் திரும்ப எழுதுகிறீர்கள். சந்தை ஒன்றும் சொல்லவில்லை. ஐ.எல்.&எஃப்.எஸ். விஷயத்தில் கடைசிவரை பயம் வெளியே தெரியாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். எப்படிக் கண்டுபிடிப்பது? எக்ஸ்சேஞ்ச் தளத்தில் அந்தப் பாண்டு கடைசியாக எந்தத் தேதியில், எவ்வளவு தொகைக்குக் கை மாறியது என்று பாருங்கள். தேதி பழையது என்றால் அந்த யீல்டும் பழையதுதான்.

சரி, இந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாற்பதைத் தாண்டிய பேங்க்காரனாக ஒன்று சொல்கிறேன். கடன் கொடுப்பதே எங்கள் தொழில். நூறில் ஐந்து படுக்கும் என்றால் அதற்குத் தக்கபடி வட்டி வைத்து ஆயிரம் பேருக்குக் கொடுப்போம். ஐம்பது பேர் படுப்பார்கள், மீதிப் பேர் கட்டும் கூடுதல் வட்டியில் அது சரிக்கட்டப்படும். அந்தச் சராசரி எங்களுக்கு நிஜம். உங்கள் அப்பா கொடுப்பது ஒரே ஒரு கம்பெனிக்கு. அவருக்குச் சராசரி என்று ஒன்று கிடையாது. ஒன்று, வருஷம் 30,000. இல்லையேல், 6 லட்சம் போய் இரண்டு வருஷம் காத்திருப்பு. ஒரே ஒரு வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு இன்சூரன்ஸ் கம்பெனி நடத்துவது போல. கூலி நியாயமாகவே இருந்தாலும் அந்த வேலை அவருக்கு ஏற்றதல்ல.

கூலியும் முழுசாகக் கைக்கு வருவதில்லை. உங்கள் பெயரில் போட்டு, நீங்கள் 30 சதவீத வரியில் இருந்தால் அந்த 30,000-இல் மிஞ்சுவது 21,000. படுத்தால் போகும் அசலை வட்டி வருமானத்தில் கழிக்க வருமான வரிச் சட்டம் இடம் தராது. 6 லட்சத்தை 21,000-ஆல் வகுத்தால் இருபத்தெட்டரை வருஷம். உங்கள் எல்லைக்கோடு 5 சதவீதம் அல்ல, 3.5 சதவீதம். அதே பாண்டு, அதே வட்டி, ஆனால் வரி கட்டாத டிரஸ்டுக்குக் கட்டுப்படியாவது உங்களுக்கு ஆகாது.

பாண்டே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சிகரெட் பெட்டியில் படம் போடச் சொல்வது போல, என்.சி.டி. விளம்பரத்தில் ரேட்டிங் எழுத்துக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் இரண்டு எண் போட வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாம் என்பதுதான் என் கட்சி. அதே கால அரசுப் பத்திரத்துக்கு மேல் எவ்வளவு தருகிறோம் என்பது ஒன்று. அந்தக் கூடுதல், அசலில் அறுபது சதவீத இழப்பைச் சரிக்கட்ட எத்தனை வருஷம் ஆகும் என்பது இன்னொன்று. "வட்டி 10 சதவீதம், டிரிபிள் ஏ" என்று படிக்கிறவருக்கும், "அரசைவிட 3 சதவீதம் அதிகம், ஒரு தடவை படுத்தால் ஈடுகட்ட 20 வருஷம்" என்று படிக்கிறவருக்கும் கை வேறு மாதிரிதான் போகும்.

அப்படி ஒரு விதி வரும்வரை, மொபைல் கால்குலேட்டரில் நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அரை நிமிஷ வேலை. ஊருக்குப் போன் பண்ணும்போது அப்பாவிடமும் சொல்லுங்கள்: பத்து பர்சென்ட் என்றால் அதில் ஏழுதான் வட்டி, மீதி மூன்று அவர் சுமக்கப்போகும் சுமைக்குக் கூலி என்று.